வாரிசுப் பட்டியலும் சொத்துப் பட்டியலும் இல்லாமல் பங்கு கேட்டால்…

கடைத்தெருவில் முப்பது வருடமாக இருக்கின்றேன். ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் சில காலம் இருந்தேன். இதனால் முதிசம் பிரிக்கும் விடயமாக மாதத்தில் ஒருவராவது என்னிடம் வருவார். வருபவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "வாப்பா மௌத்தாகி விட்டார். ஒரு கடையும் கொஞ்சம் சாமானும் இருக்கிறது. எனக்கு எவ்வளவு வரும்?" இதற்கு எந்த ஆலிமாலும் எந்தச் சட்டத்தரணியாலும் பதில் சொல்ல முடியாது. மௌத்தான வேளையில் யார் யார் உயிரோடு இருந்தார்கள் என்பது தெரிய வேண்டும். என்ன இருந்தது, அதில் எது அவருடையது, எவ்வளவு கடன் என்பதும் தெரிய வேண்டும். இந்த இரண்டு பட்டியலும் இல்லாமல் சொல்லப்படும் கணக்கு வெறும் ஊகமே. அந்த ஊகத்தைப் பிடித்துக் கொண்டு காணியை எழுதியவர்களும் கடையைப் பூட்டியவர்களும் நம் மத்தியில் இருக்கின்றார்கள்.

நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்பவன் அல்லன். பங்கின் கணக்கை ஆலிமிடமும், உறுதி எழுதுவதை நொத்தாரிசிடமும்தான் முடிக்க வேண்டும். ஆனால் அவர்களிடம் போவதற்கு முன் நாம் கையில் என்ன கொண்டு போக வேண்டும் என்பது வியாபாரிக்குத் தெரிந்திருக்க வேண்டிய விடயம். அதை ஒரு குடும்பத்தின் கதையோடு சொல்கின்றேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கின்றேன்.

ஹார்ட்வெயார் கடை முதலாளி ஒருவர் மௌத்தானார். ஏழு மாதம் கழித்து இரண்டாவது மகன் ஒரு தாளோடு வந்தார். "மாமா, கணக்கெல்லாம் போட்டு வைத்திருக்கேன். சரியா என்று மட்டும் பாருங்க" என்றார். தாளில் ஐந்து வரி இருந்தது. கடைக் காணி 20 பேர்ச்சஸ், கட்டடத்தோடு 110 இலட்சம். சாமான் 48 இலட்சம். லொறி 25 இலட்சம். கடன் கொப்பியில் வர வேண்டியது 19 இலட்சம். வங்கியில் 8 இலட்சம். மொத்தம் 210 இலட்சம் ரூபா. கீழே "மகன் 2, மகள் 1" என்று எழுதி, மகனுக்கு இரண்டு மகளுக்கு ஒன்று என்ற முறையில் ஐந்தாகப் பிரித்திருந்தார். தனக்கு ஐந்தில் இரண்டு, அதாவது 84 இலட்சம். வீட்டையும் எழுதிவிட்டுப் பிறகு தானே வெட்டியிருந்தார். அது சரிதான். வீடு உம்மாவுக்குக் கல்யாணத்தில் அவருடைய வாப்பா எழுதிக் கொடுத்தது. உறுதி உம்மாவின் பெயரில் இருந்தது. புருஷன் மௌத்தானால் பெண்சாதியின் சொத்து முதிசமாகாது.

நான் அந்தத் தாளில் கை வைக்கவில்லை. ஒரு வெற்றுத் தாளை எடுத்து, "முதலில் வாப்பா கண் மூடிய அந்த நேரத்தில் யார் யார் மூச்சோடு இருந்தார்கள் என்று சொல்லுங்கள்" என்றேன். இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் எல்லாப் பங்கும் அந்த ஒரு கணத்தில் தீர்மானமாகின்றது. அதற்கு ஒரு நாள் முன்பு மௌத்தானவருக்குப் பங்கில்லை. ஒரு நாள் பின்பு மௌத்தானவருக்குப் பங்குண்டு. அது அவருடைய வாரிசுகளுக்குப் போகும்.

"உம்மா இருக்கிறா" என்றார். தாளில் உம்மாவே இல்லை! உம்மாவுக்கு எதற்குப் பங்கு, நாங்கள்தானே பார்க்கிறோம் என்பது நம் ஊர்களில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. பிள்ளைகள் பார்ப்பது பிள்ளைகளின் கடமை. பிள்ளை இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று என்பது அன்னிஸா அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில் வரையறுக்கப்பட்ட பங்கு. முதலில் அதை எடுத்து வைத்த பிறகுதான் பிள்ளைகளின் கணக்குத் தொடங்கும்.

"வாப்பாவுடைய உம்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப வாப்பும்மா இருந்தாங்க. அவங்க வாப்பாவுக்கு நாலு மாசம் பிந்தி மௌத்தாகிட்டாங்க. இப்ப இல்லையே" என்றார். இந்த 'இப்ப இல்லையே'யில்தான் பல குடும்பங்கள் தவறு செய்கின்றன. மகன் மௌத்தான கணத்தில் தாய் உயிரோடு இருந்தார். மகனுக்குப் பிள்ளைகள் இருப்பதால் தாய்க்கு ஆறில் ஒன்று. அந்தப் பங்கு அவர் கையில் கிடைக்காமலே அவர் போய் விட்டாலும், அது அவருடைய சொத்து. அவருடைய வாரிசுகளுக்கு அது போயாக வேண்டும். யார் அந்த வாரிசுகள்? மௌத்தான முதலாளியின் தம்பி ஒருவர், தங்கை ஒருவர் உயிரோடு இருக்கின்றார்கள். முதலாளியின் பிள்ளைகள் அந்தத் தாய்க்குப் பேரப்பிள்ளைகள். உயிரோடு ஒரு மகன் இருக்கும்போது, மௌத்தான மகனின் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டியின் முதிசத்தில் பங்கு வராது. ஆக, கடையில் ஆறில் ஒன்று சாச்சாவுக்கும் மாமிக்கும் போய் விட்டது. பையனின் முகம் மாறியது. "சாச்சா கடைப் பக்கமே வந்ததில்லையே" என்றார். கடைப் பக்கம் வருவதற்கும் வாரிசாவதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து, பிள்ளைகள் எத்தனை பேர் என்று மறுபடி கேட்டேன். "நானும் நாநாவும் தங்கச்சியும்" என்றார். வாப்பா ஒரு கல்யாணம்தானா என்று கேட்டதும் சற்று நேரம் மௌனம். முதல் கல்யாணம் தலாக்கில் முடிந்து இருபத்தெட்டு வருடமாகின்றது. அந்த மனைவிக்கு இப்போது ஒன்றுமில்லை, இத்தா முடிந்து எத்தனையோ காலமாகி விட்டது. ஆனால் அதில் ஒரு மகள். வேறொரு ஊரில் குடும்பமாக இருக்கின்றார். "அவக்கு வாப்பா கல்யாணத்தில பத்துப் பவுன் கொடுத்திட்டார். அதோட சரி" என்பது இவர்களின் கணக்கு. கல்யாணத்தில் கொடுத்தது உயிரோடு இருக்கும்போது கொடுத்த அன்பளிப்பு. அது முதிசத்தின் முற்பணம் அல்ல. அப்படிக் கழிப்பதென்றால் இவருடைய தங்கைக்குக் கட்டிக் கொடுத்த வீட்டையும் கழிக்க வேண்டி வரும். தாய் யாராக இருந்தாலும் மகள் மகள்தான். இரண்டு மகள்மாருக்கும் ஒரே பங்கு.

பிறகு இன்னொரு மகன். இரண்டு வருடத்துக்கு முன் வாகன விபத்தில் மௌத்தானவர். அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். வாப்பாவுக்கு முன்பே போய் விட்டதால் அவருக்குப் பங்கில்லை. மற்ற மகன்மார் இருப்பதால் அந்தப் பேரப்பிள்ளைகளுக்கும் வாரிசுப் பங்கு கிடையாது. இது கேட்பதற்குக் கடினமாக இருக்கலாம். இப்படியான இடத்துக்காகத்தான் வஸிய்யத் என்ற வாசல் இருக்கின்றது. முதலாளி அதை அறிந்தே இருந்திருக்கின்றார். தன்னுடைய டயரியில், "என் மௌத்தான மகனின் பிள்ளைகளுக்கு 12 இலட்சம் கொடுக்க வேண்டும்" என்று எழுதிக் கையொப்பமிட்டு, கடைப் பையன்கள் இருவரின் கையொப்பத்தையும் வாங்கி வைத்திருந்தார். இதைப் பற்றிப் பின்னர் சொல்கின்றேன்.

ஆண் பிள்ளையே இல்லாத வீடுகளில் இந்த விசாரணை இன்னும் நீளும். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும், கூடப் பிறந்த சகோதரர் ஒருவரும் மட்டும் இருந்தால், மனைவிக்கு 24இல் 3, மகள்மாருக்கு 24இல் 16, மீதி 5 பங்கு அந்தச் சகோதரருக்கு. இது தெரியாமல் மகள்மாருக்கே எல்லாம் என்று எழுதிய உறுதிகள் பிறகு நீதிமன்றத்துக்குப் போனதுண்டு. வளர்ப்புப் பிள்ளை எவ்வளவு அன்போடு வளர்ந்திருந்தாலும் வாரிசுப் பட்டியலில் இல்லை. அவருக்கும் வஸிய்யத் ஒன்றே வழி.

வாரிசுப் பட்டியல் இப்படி ஒரு தாளில் முடிந்தது. மனைவி, தாய், இரண்டு மகன், இரண்டு மகள். இனி சொத்து. இதில் வியாபாரியின் வீட்டுக்கும் சம்பளக்காரர் வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சம்பளக்காரரின் சொத்து உறுதியிலும் வங்கிப் புத்தகத்திலும் இருக்கும். வியாபாரியின் சொத்தில் பாதி அவருடைய மண்டைக்குள்ளே இருந்திருக்கும்.

தாளில் சாமான் 48 இலட்சம் என்று இருந்ததல்லவா? மூத்த மகனையும் அழைத்து இராக்கை இராக்கையாகப் பார்த்தோம். அதில் 6 இலட்சம் பெறுமதியான பெயின்டும் பைப்பும் கம்பனி வைத்துவிட்டுப் போனவை. விற்ற பின் காசு, விற்காவிட்டால் திருப்பி எடுப்பது என்ற பேச்சு. அது நம் சாமான் அல்ல, அமானிதம். மீதி 42. வாங்கிய விலையையும் பார்க்காமல், விற்கும் விலையையும் போடாமல், இன்று மொத்தமாக விற்றால் ஒரு வியாபாரி என்ன கொடுப்பாரோ அந்த விலையைத்தான் போட்டோம். கடன் கொப்பியில் 19 இலட்சம் இருந்தாலும் அதில் பழைய பாக்கி பல. ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டு, வரும் என்று நம்பத்தக்கது 11 என்று முடிவாயிற்று. வராது என்று விட்ட 8 இலட்சத்தில் எப்போதாவது ஏதும் வந்தால் அதையும் அதே பங்கில் பிரிப்பது என்று எழுதிக் கொண்டோம். இதை எழுதாமல் விட்டால் வசூலிப்பவர் கையிலேயே அது தங்கி விடும்.

வங்கிப் பணம் 8 இலட்சத்துக்கு மூத்த மகனின் பெயரைப் பெயர் குறித்தவராகப் போட்டிருந்தார்கள். வங்கி அவரிடம்தான் பணத்தைக் கொடுக்கும். அதனால் அது தன்னுடையது என்று அவர் நினைத்திருந்தார். ஷரீஅத்தின் கணக்கில் அவர் அதை எல்லோர் சார்பிலும் வாங்கிக் கொள்பவர். எனவே அந்த 8உம் பட்டியலில் சேர்ந்தது. ஆக 110, 42, 25, 11, 8. மொத்தம் 196 இலட்சம்.

இதிலிருந்து ஒரு சதமும் வாரிசுகளுக்கு இன்னும் சேராது. ஆஸ்பத்திரிச் செலவிலும் கபன் செலவிலும் கொடுபடாமல் கிடந்தது 3 இலட்சம். கம்பனிகளுக்குக் கொடுக்க வேண்டியது 24 இலட்சம். அதில் பெரும்பகுதி முதலாளி கையொப்பமிட்டுக் கொடுத்த பின்திகதிச் செக்குகள். சாமான் வந்து விட்டது, செக் மாறவில்லை என்றால் அது கடன்தான். இதைப் பட்டியலில் போடாமல் வங்கியில் 8 இலட்சம் இருக்கின்றது என்று சொல்லிக் கொண்டிருப்பதில் பயனில்லை. லொறிக்கு லீசிங் பாக்கி 8. மனைவிக்குப் பேசிய மஹர் 1 இலட்சம் இன்னும் கொடுபடவில்லை. இதைச் சொன்னதும் மகன்மார் சிரித்தார்கள். ஆனால் மஹரும் கடனே. மனைவி மன்னித்தால் போகும், அதுவும் அவர் வாயால் சொல்ல வேண்டும். அவர் மன்னிக்கவில்லை, நியாயம்தானே?

எஞ்சியது மூத்த மகனின் விடயம். பெரும்பாலான கடைகள் உடைவது இந்த இடத்தில்தான். பதினொரு வருடம் சம்பளம் இல்லாமல் வாப்பாவோடு கடையில் நின்றவர் அவர். "பாதிக் கடை என்னுடையது. வியாபாரப் பெயர்ப் பதிவும் என் பெயரில்தான் இருக்கு" என்றார். பெயர்ப் பதிவு யார் பெயரில் வியாபாரம் நடக்கின்றது என்பதைக் காட்டுமே தவிர, இராக்கையிலுள்ள சாமான் யாருடையது என்பதைக் காட்டாது. கூட்டு என்றால் வாப்பாவும் மகனும் இலாபத்தை இன்ன விகிதத்தில் பிரிப்போம் என்று பேசியிருக்க வேண்டும், அதற்கு எழுத்தோ சாட்சியோ இருக்க வேண்டும். அப்படி ஒன்றுமில்லை. உதவியாக நின்றார் என்றால் அவருக்குரியது மகனின் பங்கே. இருந்தாலும் கணக்குக் கொப்பிகளைத் தேடியபோது ஒன்று கிடைத்தது. ஐந்து வருடத்துக்கு முன், அவர் கொடுத்த 4 இலட்சத்தை வாப்பா தன் கையெழுத்தில் "மகனிடம் வாங்கியது" என்று குறித்திருந்தார். அது தெளிவான கடன். எல்லோரும் ஒத்துக் கொண்டார்கள். பதினொரு வருட உழைப்புக்காக மற்ற வாரிசுகள் விரும்பி ஏதும் கொடுத்தால் அது அவர்களுடைய பெருந்தன்மை. அதைக் கணக்கில் போட எனக்கு உரிமையில்லை என்று சொன்னேன்.

3, 24, 8, 1, 4. மொத்தக் கடன் 40 இலட்சம். 196இல் 40 போக 156.

இனி டயரியில் எழுதிய 12 இலட்சம். வஸிய்யத் கடனுக்குப் பிறகு, எஞ்சியதில் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். 156இல் மூன்றில் ஒன்று 52. ஆகவே தொகையில் பிரச்சினை இல்லை. பேரப்பிள்ளைகள் இங்கு வாரிசுகள் அல்லர் என்பதால் அதிலும் தடையில்லை. ஆனால் நாட்டுச் சட்டத்தின் முன் அந்த டயரிப் பக்கம் ஒரு மரணசாதனமாக நிற்காது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, மரணசாதனம் ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையிலோ, நொத்தாரிசு இல்லையென்றால் ஒரே நேரத்தில் கூடியிருக்கும் ஐந்து சாட்சிகள் முன்னிலையிலோ கையொப்பமிடப்பட வேண்டும். கடைப் பையன்கள் இருவர் போதாது. மறுத்திருந்தால் அந்த அநாதைப் பிள்ளைகளின் தாய் நீதிமன்றத்தில் ஒன்றும் செய்திருக்க முடியாது. நல்ல வேளையாக வாரிசுகள் எல்லோரும் வயது வந்தவர்கள். சாச்சாவையும் மாமியையும் சேர்த்து எல்லோரும் வாப்பாவின் எழுத்தை ஏற்றுக் கொண்டார்கள். வாரிசுகளில் ஒருவர் பராயமடையாதவராக இருந்து, அவருடைய பங்கையும் விட்டுக் கொடுத்து இப்படியொரு சம்மதம் கொடுக்க வேண்டியிருந்தால், அவருக்காக வேறு யாரும் அதைக் கொடுக்க முடியாது.

156இல் 12 போக 144 இலட்சம். இதுதான் பங்கு வைக்க வேண்டிய முதிசம். அந்த ஐந்து வரித் தாளில் இருந்த 210 அல்ல.

தொகையையும் பங்கையும் ஒன்றாகப் பார்க்க 144 பங்கு என்றே வைத்துக் கொள்வோம். ஒரு பங்கு ஓர் இலட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று 18. தாய்க்கு ஆறில் ஒன்று 24. இரண்டும் 42. மீதி 102. இதை மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்று பிரிக்க வேண்டும். இரண்டு மகன், இரண்டு மகள் என்றால் ஆறு கூறு. ஒரு கூறு 17. ஆகவே மகன் ஒவ்வொருவருக்கும் 34, மகள் ஒவ்வொருவருக்கும் 17. கூட்டிப் பாருங்கள்: 18, 24, 34, 34, 17, 17. சரியாக 144. தாயின் 24 அவருடைய மகனுக்கு 16, மகளுக்கு 8 என்று போகும். அந்தத் தாயின் கணவரும் பெற்றோரும் முன்பே இல்லாததால் அங்கே வேறு யாரும் வரவில்லை.

84 இலட்சம் என்று எழுதிக் கொண்டு வந்தவருக்கு 34. இந்த வித்தியாசத்துக்கு யாரும் அவரை ஏமாற்றவில்லை. விடுபட்ட ஆட்களும் விடுபட்ட கடன்களும்தான் காரணம். முதல் தாளை நம்பி ஐந்தில் இரண்டை எடுத்துக் கடையை மாற்றியிருந்தால், பிறகு செக் திரும்பும்போதும் மூத்தாவின் மகள் வழக்குப் போடும்போதும் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டியிருக்கும்.

பங்கு தெரிந்த பிறகும் பிரிப்பது ஒரு வேலை. முதிசம் காணியாகவும் சாமானாகவும் கிடக்கின்றது. 34 இலட்சத்தை யாரும் அரிவாளால் வெட்டி எடுக்க முடியாது. லொறியை விற்று, வங்கிப் பணத்தையும் வசூலான கடனையும் சேர்த்ததில் 44 இலட்சம். அதில் 40 கடனுக்குப் போனது, கையில் 4. மகன்மார் கடையை விட விரும்பவில்லை. உம்மாவின் 18உம் தங்கையின் 17உம் காணியிலேயே இருக்கட்டும், வாடகையில் பங்கு தாருங்கள் என்று அவர்கள் இருவரும் சம்மதித்தார்கள். காசாகக் கொடுக்க வேண்டியது சாச்சாவுக்கு 16, மாமிக்கு 8, மூத்தாவின் மகளுக்கு 17, பேரப்பிள்ளைகளுக்கு 12. மொத்தம் 53. கையில் இருந்த 4 போக 49 தேவை. கடைக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்த 8 பேர்ச்சஸை 44 இலட்சத்துக்கு விற்று, சாமானில் 5 இலட்சத்தைக் காசாக்கினார்கள். எஞ்சிய 12 பேர்ச்சஸும் கட்டடமும் 66, சாமான் 37, சேர்த்தால் 103. மகன்மார் இருவரின் 68, உம்மாவின் 18, தங்கையின் 17 சேர்ந்தாலும் அதே 103தான். கணக்கு இப்படி இரண்டு பக்கமும் ஒத்து வராவிட்டால் எங்கோ ஓர் ஆள் விடுபட்டிருக்கின்றார் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இந்த விற்பனை அத்தனை இலகுவில் நடக்கவில்லை. காணி இன்னும் மௌத்தானவரின் பெயரில். எல்லா வாரிசுகளும் சேர்ந்து வராமல் வாங்குபவரின் நொத்தாரிசு உறுதி எழுத மறுத்தார். அவர் செய்தது சரியே. மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு ஒன்று போட்டு, அதில் இந்த இரண்டு பட்டியலையும் சத்தியக் கடதாசியோடு கொடுத்த பிறகே வேலை நகர்ந்தது. மரணசாதனம் எழுதாமல் மௌத்தான ஒரு முஸ்லிமின் முதிசம், அவர் சார்ந்த மத்ஹபின்படி பிரிக்கப்பட வேண்டும் என்று 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம்களின் மரணசாதனமற்ற உரிமை வழிக் கட்டளைச் சட்டம் சொல்கின்றது. நம்மில் பெரும்பாலானோர் ஷாபிஈ. மேமன் சகோதரர்கள் போன்றோர் ஹனபி. ஆகவே நீதிமன்றமும் இதே எட்டில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும்தான் பார்க்கும். அதில் ஒரு வாரிசை மறைத்துச் சத்தியம் செய்தால் அது வேறொரு வழக்காகி விடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மௌத்துக்குப் பிறகு அந்த ஏழு மாதமும் கடை நடந்த இலாபம் எல்லா வாரிசுகளுக்கும் உரியது, நின்று நடத்தியவருக்கு நியாயமான சம்பளம் போக. மூத்த மகன் அதற்கும் கணக்கு எழுதி வைத்திருந்தது இந்தக் குடும்பத்தின் பெரிய அதிர்ஷ்டம்.

இனி உயிரோடு இருக்கும் நம்முடைய விடயம். "நான் இப்போதே எழுதி வைக்கிறேன், ஒரு மாதிரி மரணசாதனம் தாருங்கள்" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் எழுத நினைப்பது பெரும்பாலும், மூத்தவனுக்குக் கடை, இளையவனுக்குக் காணி, மகளுக்கு வீடு என்பது. நமது நாட்டின் பொதுச் சட்டத்தில், 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மரணசாதனக் கட்டளைச் சட்டத்தின் கீழ், ஒருவர் தன் சொத்தை விரும்பியவருக்கு எழுத முடியும். ஆனால் மார்க்கத்தில் வாரிசுக்கு வஸிய்யத் செய்தால், மற்ற வாரிசுகள் மௌத்துக்குப் பின் சம்மதித்தால் ஒழிய அது நிற்காது. சட்டம் இடம் கொடுப்பதற்காக அதைச் செய்பவர், தன் பிள்ளைகளை ஒருவரோடொருவர் மோத விட்டுப் போகின்றார்.

இதை விடவும் நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. மௌத்துக்கு முன் பங்கு எவருக்கும் தெரியாது. இன்று நீங்கள் இரண்டு மகனுக்கு 34 வீதம் என்று எழுதினால், நாளை ஒரு மகன் உங்களுக்கு முன் போகலாம், உங்கள் உம்மா போகலாம், ஒரு பிள்ளை பிறக்கலாம். அத்தனை எண்ணும் பிழையாகி விடும். அதனால் மரணசாதனத்தில் பங்கை எண்ணாக எழுத வேண்டாம். இந்த முறையில் எழுதச் சொல்லி நான் பலரை நொத்தாரிசிடம் அனுப்பியிருக்கின்றேன்:

"என் கடன்களையும் என் பொறுப்பிலுள்ள அமானிதங்களையும் இத்துடன் சேர்த்துள்ள பட்டியலின்படியும், பின்னர் நிரூபிக்கப்படுவதன்படியும் முதலில் தீர்க்க வேண்டும். அதன் பின் எஞ்சுவதில் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல் இன்னாருக்கு இவ்வளவு கொடுக்க வேண்டும். மீதியனைத்தும் நான் மௌத்தாகும் வேளையில் உயிரோடு இருக்கும் என் வாரிசுகளுக்கு, ஷாபிஈ மத்ஹபின்படி அவரவர்க்குரிய பங்கில் சேர வேண்டும். இதை நிறைவேற்ற இன்னாரை நியமிக்கின்றேன்."

இதில் வாரிசின் பெயரோ பங்கோ இல்லை. இருக்கத் தேவையுமில்லை. 'இன்னாருக்கு' என்ற இடத்தில் பேரப்பிள்ளையோ, வளர்ப்புப் பிள்ளையோ, மத்ரஸாவோ வரலாம். வாரிசு வரக் கூடாது. சாட்சிகளாகக் கையொப்பமிடுவோர் அதில் பயன் பெறாதவர்களாக இருக்கட்டும். நிறைவேற்றுநராகக் கடைக் கணக்குப் புரிந்த ஒருவரைப் போடுங்கள். மூத்த மகனையே போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மாற்ற வேண்டியது கூட இருக்கும் பட்டியலை மட்டுமே. அதற்கு ஒரு கொப்பி போதும். ஒரு பக்கத்தில் உறவுகள்: தாய், தந்தை, எல்லாக் கல்யாணத்துப் பிள்ளைகளும், அவர்களுடைய முகவரியோடு. மறு பக்கத்தில் உறுதி இலக்கமும் உறுதி எங்கே இருக்கின்றது என்பதும், எந்தெந்த வங்கி, கடைச் சாமானில் எது அமானிதம், மகன் போட்ட பணம் கடனா கூட்டா, மஹர் கொடுபட்டதா, ஸக்காத்தில் பாக்கி உண்டா என்பதும். செக் புத்தகத்தின் அடிக்கட்டையை அதோடு சேர்த்து வையுங்கள். ஸக்காத் கணக்குப் பார்க்க வருடத்துக்கொரு முறை கடைச் சாமானை எண்ணுகின்றீர்கள் அல்லவா? அதே நாளில் இந்தக் கொப்பியையும் திறந்து திருத்தி, திகதி போட்டுக் கையொப்பமிடுங்கள். கொப்பி இருக்கும் இடம் உங்கள் மனைவிக்கும், மகன்மாரில் ஒருவருக்கும், மகள்மாரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கட்டும். மகனுக்கு மட்டும் தெரிந்தால் போதாது என்று நான் சொல்வதற்குக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.